ஒற்றை ஸ்டாரும் ஒன்றேகால் வாளி வெந்நீரும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே குளியலறை, 15 லிட்டர் கீசர். ஜனவரியில் சென்னையிலிருந்து ஐந்து பேர் வந்து இரண்டு இரவு தங்கினார்கள். அவர்கள் போன மூன்றாம் நாள் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, "வெந்நீர் கிடையாது. 24 மணி நேரமும் உண்டு என்பது பொய். சொன்னால் காதில் வாங்குவதில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் கீசர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எழுதியவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப கூகுளில் வழி தேடினேன், கிடைக்கவில்லை. "போன் நம்பர்தான் இருக்கிறதே அத்தை, கூப்பிட்டு ஓர் இரவு இலவசம் என்று சொல்லி அழிக்கச் சொல்லுங்கள்" என்கிறான் அண்ணன் மகன். கூப்பிடலாமா? என்ன பேசுவது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கூப்பிடலாம், சகோதரி. ஆனால் இன்றைக்கு வேண்டாம். உங்கள் மருமகன் சொல்லும் காரியத்துக்காக என்றைக்குமே வேண்டாம்.

அவர் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன். தள்ளுபடி, இலவசத் தங்கல், பணம் என எதையாவது காட்டி ஒருவரை விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ சொல்வது கூகுளின் விதிகளுக்கு முரணானது. விதியை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அந்தப் பேரம் உங்களுக்குப் பலிக்காது. குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் போனவருக்கு அதே குளியலறையில் இன்னோர் இரவு எப்படிப் பரிசாகும்? பெட்ரோல் செலவும் இ-பாஸும் அவர் பாடு. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "அழித்துவிட்டால் இலவசம்" என்ற வரியை அவர் படம் பிடித்து அதே விமர்சனத்தின் கீழ் ஒட்டிவிட்டால், அதற்கு உங்களிடம் பதிலே இருக்காது.

கூகுளில் நீங்கள் தேடிய பொத்தான் கிடைக்காததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. விமர்சனம் எழுதியவருக்குக் கடை உரிமையாளர் அங்கிருந்து தனிச் செய்தி அனுப்ப முடியாது. வணிகப் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் செய்தி அனுப்புவதற்கென்று இருந்த சாட் வசதியையும் 2024 ஜூலை இறுதியோடு எடுத்துவிட்டார்கள். எல்லோரும் படிக்கும் பதில் ஒன்றுதான் அங்கே உங்களுக்கு உண்டு. தனியாகப் பேச வேண்டுமானால் முன்பதிவுக்கு அவர்களே கொடுத்த எண்தான் வழி. முன்பதிவு இணையதளம் வழியாக அறை பிடித்தவர்களென்றால், அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள்.

கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. "கீசர் நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு போன் செய்தால் இரண்டாவது நிமிடத்தில் வாக்குவாதமாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் ஜனவரி அதிகாலையில் தொட்டி நீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீசர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சுகிறது. அதைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்கு விளாவினால் கிடைப்பது சுமார் 26 லிட்டர். இருபது லிட்டர் வாளிக்கு ஒன்றேகால் வாளி. சென்னையில் குழாய் நீரே 28 டிகிரிக்கு வருகிறது. அங்கே அதே கீசர் 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி தரும். உங்கள் விருந்தினர் வீட்டிலும் 15 லிட்டர் கீசர் இருந்திருக்கலாம். அவர் மனதில் இருந்தது அந்த இரண்டு வாளி.

அடுத்த வாளிக்கு எவ்வளவு நேரம்? 2 கிலோவாட் கீசர் என்றால், வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும்போது 25 நிமிடம். ஊரே கீசர் போடும் காலை வேளையில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 35 நிமிடத்தைத் தாண்டும். ஆறரைக்கு முதல் ஆள் குளித்தால் ஐந்தாமவர் முறை வர ஒன்பது மணி நெருங்கிவிடும். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது பாதிக் காலை. எனவே கீசரில் பழுதில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை, வெந்நீர் இல்லை என்று அவர்கள் சொல்வதும் உண்மை. "24 மணி நேரமும் வெந்நீர்" என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் வரிதான் பொய். அதை இன்றே எடுத்துவிடுங்கள். போனில் "எடுத்துவிட்டேன்" என்று சொல்வதற்கும் "எடுத்துவிடுகிறேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அடுத்து, எழுதியவர் யார்? கூகுள் பெயரும் உங்கள் பதிவேட்டுப் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். அறை பிடித்தது கணவர், எழுதியது மனைவி அல்லது கல்லூரியில் படிக்கும் மகள் என்பது வெகு சாதாரணம். அதனால் உங்கள் செய்தி விமர்சனத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது, தங்கலைப் பற்றியதாக இருக்க வேண்டும். "உங்கள் வீட்டில் யாரோ ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார்களே" என்று தொடங்கினால் அவர்கள் வீட்டுக்குள் ஒரு விசாரணை ஆரம்பித்துவிடும். அவரே கேட்டால் மட்டும், "ஆமாம், பார்த்தேன், அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எடுத்தவுடன் போன் செய்ய வேண்டாம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. குன்னூரில் ஒரு சிறிய விடுதியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, உணவைக் குறை கூறி எழுதிய ஒருவரை, எரிச்சல் அடங்குவதற்குள் இரவு ஒன்பதரைக்கு அழைத்தேன். நான் பணிவாகப் பேசியதாகத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் அவருடைய விமர்சனத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "உரிமையாளர் இரவில் போன் செய்து மிரட்டுகிறார்." எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும் போனுக்கு அப்படியொரு குணம் உண்டு. ஆகவே முதலில் எழுத்து, பகல் வேளையில், அவர்களோடு முன்பு பேசிய அதே எண்ணிலிருந்து. இப்படி இருக்கலாம்:

"வணக்கம். கோத்தகிரி ஹோம்ஸ்டேயிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தங்கிய இரண்டு காலையும் ஐந்து பேருக்கு வெந்நீர் போதவில்லை. நீங்கள் சொன்னபோது நான் மேலே வந்து பார்க்காமல் 'கொஞ்சம் பொறுங்கள்' என்றேன். அது என் தவறு. இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச விரும்புகிறேன். எப்போது அழைக்கலாம் என்று சொன்னால் அப்போது அழைக்கிறேன். பேச விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை."

"கொஞ்சம் பொறுங்கள்" என்று நீங்கள் சொன்னதாக நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். அன்று உண்மையில் என்ன சொன்னீர்களோ அதைப் போடுங்கள். "ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏற்பட்டது என்று அவர் ஊரறிய எழுதிய பிறகு, "இருந்தால்" என்ற சொல் மறுபடியும் அவரைப் பொய்யராக்கும்.

பதில் வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில். வேறு எண்ணிலிருந்து முயல்வது, முகநூலில் தேடிப் பிடிப்பது, அவர் வேலை செய்யும் இடத்துக்கு எழுதுவது எல்லாம் தொல்லை கொடுப்பதில் சேர்ந்துவிடும்.

அவர் பேசச் சம்மதித்தால், முதல் மூன்று நிமிடம் அவருடையது. அந்த விமர்சனத்தை நிதானமாகப் படித்தால், வெந்நீரைவிட மூன்றாவது வாக்கியத்தில்தான் சூடு அதிகம்: காதில் வாங்குவதில்லை. அந்தக் காலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வயதான அம்மா குளிக்காமல் கோயிலுக்குப் புறப்பட்டிருக்கலாம், குழந்தைக்குச் சளி பிடித்திருக்கலாம். அதையெல்லாம் விமர்சனத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். டிகிரிக் கணக்கை அப்போது எடுக்காதீர்கள். அது உங்களுக்குப் புரிவதற்காகச் சொன்னது. அவரிடம் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். கேட்டு முடித்த பிறகு என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: அந்த வரியை எடுத்தாயிற்று, மூன்று பேருக்கு மேல் வந்தால் விறகடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் தயாராக இருக்கும். உங்களால் நிஜமாகச் செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

பிறகு பணம். கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து, ஏனென்றால் விளம்பரத்தில் சொன்ன ஒன்றை நீங்கள் தரவில்லை. முழு வாடகையும் வேண்டாம். படுக்கை, உணவு, அறை எல்லாம் கிடைத்திருக்கிறது. இரண்டு இரவுக்கு 7,000 ரூபாய் வாங்கியிருந்தால் 1,500 ரூபாய் நியாயமாக இருக்கும். அவர் பணம் அனுப்பிய யு.பி.ஐ. கணக்குக்கே, "வெந்நீர்க் குறைபாட்டுக்காக" என்று குறிப்பிட்டு அன்றே அனுப்பிவிடுங்கள். விமர்சனம் என்ற சொல் அந்த உரையாடலில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். "சரி, நான் எழுதியதை என்ன செய்வது?" என்று அவரே கேட்டால், "அது உங்கள் விருப்பம், உங்களுக்கு உண்மை என்று பட்டதை வைத்திருங்கள்" என்று விட்டுவிடுங்கள். நாசூக்காக ஒருமுறை கேட்டால் என்ன என்று சொல்பவர்கள் உண்டு. பணம் கொடுத்த கையோடு கேட்டால் அது பேரமாகிவிடும் என்பதால் நான் கேட்பதில்லை.

அவர் பக்கத்திலிருந்தே "முழுப் பணத்தையும் கொடு, இல்லாவிட்டால் இன்னும் நாலு இடத்தில் எழுதுவேன்" என்று வந்தால் கதை வேறு. கொடுக்காதீர்கள், செய்திகளைப் பத்திரப்படுத்திக் கூகுளில் புகார் செய்யுங்கள்.

பேச்சு முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஒரு வாரத்துக்குள் விமர்சனத்தின் கீழ் எல்லோருக்குமான பதிலைப் போட்டுவிடுங்கள். அதை இனி அறை தேடப் போகிறவர்கள் படிப்பார்கள். எழுதியவருக்கும் அறிவிப்பு போகும். "ஐந்து பேருக்கு வெந்நீர் போதவில்லை என்பது உண்மை. 24 மணி நேரமும் என்று எங்கள் பக்கத்தில் இருந்த வரியை நீக்கிவிட்டோம். கூடுதல் ஆட்கள் வரும்போது தனியாக வெந்நீர் காய்ச்சித் தருகிறோம்." இவ்வளவு போதும். அவர் பெயர், எண், யார் யார் வந்தார்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அங்கே வரக் கூடாது. பணத்தைக் குறிப்பிட்டால் அடுத்த ஒற்றை ஸ்டாருக்கு நீங்களே விலை சொன்னதாகிவிடும்.

சில வாரங்களுக்கு அவ்வப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர் ஒரு நாள் மனம் மாறி மூன்று ஸ்டாராக்கி, "பிறகு அழைத்துப் பேசினார்கள்" என்று திருத்தி எழுதலாம். அப்போதும் உங்கள் பழைய பதில் அப்படியே கீழே நிற்கும், புதிய வார்த்தைகளோடு ஒட்டாமல். அதையும் திருத்தி ஒரு நன்றியைச் சேர்த்துவிடுங்கள்.