நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரியும்படி அட்டவணைக்கு என்ன நிறம் போடலாம்?

கேள்வி: மருந்து இருப்புப் பட்டியலை எக்செலில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு அனுப்புகிறேன். குழுவில் ஒருவருக்கு நிறக்குருடு என்று இப்போதுதான் தெரிந்தது. நிறத்தையே எடுத்துவிட வேண்டுமா, இல்லை வேறு நிறங்கள் இருக்கின்றனவா?

பதில்:

நிறத்தை எடுக்க வேண்டாம். எனக்கும் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. உங்கள் பட்டியலைப் போலவே ஒரு பட்டியல் பல வருடங்களாக எனக்கு வந்துகொண்டிருந்தது, அதனால் நான் பார்த்த பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் காலாவதியான மருந்து சிவப்பு, 90 நாளுக்குள் காலாவதியாகப் போவது மஞ்சள், மற்றது பச்சை. என் கண்ணுக்கு அதில் பளிச்சென்று தெரிந்தது மஞ்சள் மட்டும்தான். மற்ற எல்லாக் கட்டங்களும் ஒரே மாதிரி வெளிறிய மணல் நிறம். அதனால் மஞ்சள்தான் அவசரம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டிகளை முதலில் ஒதுக்கச் சொன்னேன். உண்மையில் காலாவதியாகியிருந்தவை நல்ல சரக்கோடு கலந்து அலமாரியிலேயே இருந்தன. தேதியைப் படித்த ஒரு தம்பி எடுத்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பிற்பாடு நிறக் குறியீடுகளை எடுத்துப் பார்த்தேன். Conditional Formatting-ல் தயாராக வரும் பச்சையின் குறியீடு `C6EFCE`, வெளிர் சிவப்பு `FFC7CE`. கடைசி இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள், இரண்டிலும் `CE`. அது நீலத்தின் அளவு. எங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. எஞ்சியிருப்பது இரண்டு பிடிமானங்கள்: எவ்வளவு நீலம், எவ்வளவு வெளிச்சம். இங்கே நீலம் சரிசமம். வெளிச்சமும் ஏறக்குறைய சமம்தான். இரண்டுக்கும் இடையே உள்ள மாறுபாட்டு விகிதம் 1.16 வருகிறது, 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். பின்னணிதான் இப்படி, எழுத்தாவது காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. அடர் பச்சை எழுத்தும் அடர் சிவப்பு எழுத்தும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். மஞ்சளில் (`FFEB9C`) மட்டும் நீலம் குறைவு, அதனால் அது தனியாகத் தெரிகிறது. ஆக, எதிரெதிரான இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடுகின்றன, நடுவில் இருப்பதுதான் எச்சரிக்கை போலத் தோன்றுகிறது.

சரி, பதிலுக்கு என்ன போடலாம்? "சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு, பச்சைக்குப் பதில் நீலம்" என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. ஜப்பானைச் சேர்ந்த மசடாகா ஒகாபேயும் கெய் இட்டோவும் தொகுத்த எட்டு நிறங்கள் இதற்காகவே பெயர் பெற்றவை. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியின் 4.0 பதிப்பிலிருந்து அவை உள்ளேயே வருகின்றன. வரைபடக் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் அருமையானவை. ஆனால் அட்டவணையில் நிறத்தின் மேல் எழுத்து உட்கார வேண்டும். அந்தத் தொகுப்பின் செவ்வாரஞ்சு `D55E00` மேல் வெள்ளை எழுத்து வைத்தால் மாறுபாடு 3.9 தான், சிறிய எழுத்துக்கு 4.5 ஆவது வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி. அதோடு இந்த ஆரஞ்சும் அதன் ஜோடியான நீலமும் (`0072B2`) கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சாம்பலாகிவிடும்.

என் பழக்கம் வேறு. மூன்று நிலைக்கு மூன்று வெவ்வேறு நிறம் தேடாமல், வெளிச்சத்தில் மூன்று படி வைப்பேன். நல்ல நிலையில் உள்ளதற்கு நிறமே வேண்டாம், வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். பட்டியலில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். 90 நாளுக்குள் வருவதற்கு வெளிர் ஆரஞ்சு `FDB863` (253, 184, 99), கறுப்பு எழுத்து. காலாவதியானதற்கு அடர் செம்பழுப்பு `B35806` (179, 88, 6), வெள்ளை எழுத்து தடித்து. இந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத்தின் மாறுபாடு 4.9 வருவதால் படிக்கச் சிரமமில்லை. எழுத்தும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறிவிடுவதால், நிறத்தை யோசிக்காமலே அந்த வரி தனியாக நிற்கும்.

இதிலும் ஒரு குறை உண்டு. இரண்டு ஆரஞ்சுக்கும் இடையே உள்ள மாறுபாடு 2.8, வெள்ளைக்கும் வெளிர் ஆரஞ்சுக்கும் 1.7 தான். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தெரியும், ஒரே ஒரு கட்டத்தைத் தனியாகப் பார்த்தால் சந்தேகம் வரும். அதனால் நிலையை எழுத்தாகவும் வைத்துவிடுங்கள். தேதி C நிரலில் இருந்தால் D நிரலில் இது போதும்:

```
=IF(C2="","தேதி இல்லை",IF(C2<=TODAY(),"▲ காலாவதி",IF(C2<=TODAY()+90,"● விரைவில்","")))
```

நிறத்துக்கு, பட்டியலை 2-ஆம் வரியிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொண்டு Conditional Formatting-ல் New Rule போய், கடைசியில் இருக்கும் Use a formula to determine which cells to format என்பதில் இந்த இரண்டையும் தனித்தனி விதிகளாகக் கொடுங்கள். முதலாவது மேலே இருக்க வேண்டும், அதற்கு Stop If True டிக் செய்துவிடுங்கள்.

```
=AND($C2<>"",$C2<=TODAY())
=AND($C2<>"",$C2<=TODAY()+90)
```

`$C2<>""` என்பதை விட்டுவிடாதீர்கள். வெற்றுக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 எப்போதும் இன்றைய தேதியைவிடச் சிறியது. தேதி போடாத வரியெல்லாம் காலாவதி நிறத்துக்குப் போய்விடும்.

அப்புறம், எழுத்தை மட்டும் நிறம் மாற்றுவதைத் தவிருங்கள். ஒரு எண்ணின் மெல்லிய கோட்டில் நிறம் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. அடர் சிவப்பில் எழுதியதை நான் கறுப்பு என்றே படித்துவிடுவேன். கட்டம் முழுவதும் நிரப்பினால்தான் கண்ணுக்குப் பிடி கிடைக்கும். எண்களுக்குப் போடும் Green - Yellow - Red Color Scale-க்கும் இதே கதிதான். அதற்குப் பதில் வெள்ளையில் தொடங்கி ஒரே நீலமாக அடர்ந்துகொண்டே போகும்படி வையுங்கள், எது பெரியது என்று எல்லாருக்கும் தெரியும்.

அனுப்பும் முன் சோதிக்க, விண்டோஸில் Settings > Accessibility > Color filters போய் Grayscale போட்டுப் பாருங்கள். மூன்று நிலையும் பிரிந்து தெரிந்தால் வெளிச்சப் படி சரியாக இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிலருக்கு, அதாவது சிவப்புக்கான கூம்பு செல் இல்லாதவர்களுக்கு, சிவப்பு நீங்கள் அந்தச் சாம்பலில் பார்ப்பதைவிடவும் இருண்டு தெரியும். இந்த ஆரஞ்சுப் படியில் அடர்ந்தது இன்னும் அடர்வதால் பாதகமில்லை. கறுப்பு எழுத்தை அடர் சிவப்பின் மேல் வைத்திருந்தால்தான் படிக்க முடியாமல் போகும். அச்சில் பார்க்க விரும்பினால் Page Setup-ல் உள்ள Black and white-ஐத் தொடாதீர்கள், அது நிரப்பிய நிறத்தையே எடுத்துவிட்டு அச்சிடும். பிரிண்டரின் சாம்பல் அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டியலோடு அனுப்பும் மெயிலிலும் "சிவப்பில் இருப்பதையெல்லாம் இன்றே எடுத்துவிடுங்கள்" என்று எழுதாமல், "▲ காலாவதி என்று இருப்பவை" என்று எழுதுங்கள். உங்கள் நண்பர் அந்தச் சொல்லையே Filter-ல் போட்டு வரிகளை எடுத்துக்கொள்வார்.