மேலாளரின் பாராட்டுக்குக் கீழே ஒரு நன்றி

கேள்வி: சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றி முடித்தோம். குழு முழுவதையும் பாராட்டி மேலாளர் பதிவிட்டிருக்கிறார். பழையதிலும் புதியதிலும் ஒரே மாதச் சம்பளத்தைப் போட்டு ஒப்பிட்ட சக ஊழியர்தான், கூடுதல் நேர ஊதியம் தவறாக வருவதைக் கண்டுபிடித்தார். அவருக்கு அங்கேயே நன்றி சொல்லலாமா? மற்றவர்கள் தவறாக நினைப்பார்களா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். சங்கடம் வருவது ஒருவரைத் தனியாகக் குறிப்பிடுவதால் அல்ல, அவரை மற்றவர்களோடு ஒப்பிடுவதால். "இவர் இல்லாவிட்டால் மூழ்கியிருப்போம்" என்று எழுதினால், உடன் உழைத்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழும். அவர் செய்த வேலையை மட்டும் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மேலாளருக்கு ஒரு வரி போதும். அடுத்து சக ஊழியரின் பெயர். அறிவிப்பு அவருக்குப் போகும்படி அதை இணைத்துவிடுங்கள். பிறகு அவர் செய்தது, அதனால் உங்களுக்கு நேர்ந்த நன்மை. இப்படி எழுதலாம்:

"நன்றி சார். இந்த இடத்தில் (பெயர்) அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சம்பளம் போடுவதற்கு முன்பே இரண்டு மென்பொருள்களின் கணக்கையும் வரிவரியாக ஒப்பிட்டு, கூடுதல் நேர ஊதியத்தில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். அதனால் ஊழியர்களின் கைக்குப் போகும் முன்பே என்னால் அதைச் சரிசெய்ய முடிந்தது."

"என்னால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலாளர் குழுவுக்காகப் பேசிவிட்டார். நீங்கள் உங்களுக்குக் கிடைத்த உதவியைப் பேசுகிறீர்கள். அவர் பாராட்டைத் திருத்துவதுபோல் தோன்றாது. நான்கு வாக்கியங்களுக்கு மேல் போனால் அது தனிப் பதிவாகிவிடும்.

நன்றியில் அடிக்கடி நேரும் விபத்து ஒன்று உண்டு. தவறைக் கண்டுபிடித்தவரைப் புகழும்போது, தவறு செய்தவர் தானாகவே மாட்டிக்கொள்வார். மென்பொருளில் விதியை உள்ளிட்டவரும் அதே பதிவைப் படிப்பார். ஆகவே "தவறு" என்பதை விட்டு "வித்தியாசம்" என்று எழுதுங்கள். அது எந்தப் பிரிவில் நுழைந்தது என்ற விவரம் வேண்டாம். பதிவு நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களும் பார்க்கும் இடத்தில் இருந்தால் சம்பளக் குளறுபடியையே குறிப்பிடாமல், "ஒப்பீட்டு வேலையைப் பொறுமையாகச் செய்து தந்தார்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

"இரவெல்லாம் கண்விழித்தார்" என்றும் எழுதாதீர்கள். ஆள் போதவில்லையா என்று மேலிடம் கேட்கும். கூடுதல் நேரத்துக்கு அனுமதி வாங்கினாரா என்றும் கேட்கலாம்.

அவர் வேறு பிரிவைச் சேர்ந்தவர் என்றால், தன் வேலைக்கு அப்பாற்பட்டு உதவியது அவருடைய மேலதிகாரிக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். பொதுவில் எழுதும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மதித்தால், மேலதிகாரிக்கு விவரமாக ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது எடுத்துக் காட்ட உதவுவது அந்த மின்னஞ்சல்தான்.