குரு பூர்ணிமாவோடு ஒரு மாதம் கூட்டினால் ராக்கி வந்துவிடுமா?

வாசகி ஒருவர், புணே: "கல்யாணமாகி வந்தபின் ராக்கி கட்டும் பழக்கம் எங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. குரு பூர்ணிமாவுக்கு அடுத்த பௌர்ணமிதான் ரக்ஷா பந்தன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2023-ல் அப்படியே கணக்குப் போட்டு ஆகஸ்ட் 1-க்குப் போய்ச் சேரும்படி ஊரில் இருக்கும் தம்பிக்கு ராக்கி அனுப்பினேன். பண்டிகையோ மாதக் கடைசியில்தான் வந்தது. நம் ஊர் தினசரிக் காலண்டரை வைத்தே இதைச் சரிபார்க்க வழி உண்டா?"

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. பெரும்பாலான வருடங்களில் அந்தக் கணக்கு அச்சு பிசகாமல் நிற்கும். 2024-ல் குரு பூர்ணிமா ஜூலை 21, ராக்கி ஆகஸ்ட் 19. 2025-ல் ஜூலை 10, ஆகஸ்ட் 9. இடைவெளி 29 அல்லது 30 நாள்தான். ஆனால் விதியைச் சரியாகச் சொன்னால் அது "அடுத்த பௌர்ணமி" இல்லை. ஆஷாட மாதப் பௌர்ணமி குரு பூர்ணிமா, சிராவண மாதப் பௌர்ணமி ரக்ஷா பந்தன். இந்த இரண்டு மாதங்களும் ஒட்டியே வருகிற வரை இரண்டு விதிக்கும் வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு மாதம் புகுந்துகொண்டால் தெரியும். 2023-ல் புகுந்தது.

அந்த வருடத்தையே எடுத்துக்கொள்வோம். சந்திர மாதங்களுக்குப் பெயர் வைப்பது சூரியன். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையில் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த மாதத்துக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அடுத்து வரும் மாதத்தின் பெயரையே கடன் வாங்கி, முன்னால் "அதிக" என்று ஒட்டிக்கொள்ளும். 2023 ஜூலை 17 அதிகாலையில் சூரியன் கடகத்துக்குள் போனது. அன்று நள்ளிரவை ஒட்டி அமாவாசை. அடுத்த அமாவாசை ஆகஸ்ட் 16 பிற்பகலில் வந்தபோதும் சூரியன் கடகத்திலேயே இருந்தது. மறுநாள்தான் சிம்மத்துக்கு மாறியது. ஒரே ஒரு நாள் வித்தியாசம்! ஆகவே ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை அதிக சிராவணம். நீங்கள் குறிவைத்த ஆகஸ்ட் 1 பௌர்ணமி அந்தக் கூடுதல் மாதத்தில் விழுந்துவிட்டது. பண்டிகைகளை அதிக மாதத்தில் வைப்பதில்லை. அதனால் ராக்கி அடுத்த பௌர்ணமிக்கு, அதாவது ஆகஸ்ட் 30-க்குத் தள்ளிப்போனது. ஜூலை 3 குரு பூர்ணிமாவிலிருந்து எண்ணினால் 58 நாள்.

உங்கள் குடியிருப்பில் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் இருந்தால் அந்த வருடம் சாவன் சோமவாரம் எட்டு வந்ததைச் சொல்வார்கள். அவர்களுக்கு மாதம் பௌர்ணமியோடு முடியும். குரு பூர்ணிமாவுக்கு மறுநாளே சாவன் தொடங்கி, ராக்கி அன்று முடிந்துவிடும். 2023-ல் அந்த சாவன் நடுவில் அதிக மாதம் வந்து உட்கார்ந்ததால் மாதமே இரட்டிப்பாக நீண்டது. மராட்டியர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடியும். அவர்களுடைய ஷ்ராவண் எப்போதும் பதினைந்து நாள் பின்னால்தான் தொடங்கும். ராக்கி அதன் நடுவில் வரும். பக்கத்து வீடுகள் இரண்டும் வேறு வேறு தேதி சொல்கிறதே என்று குழம்ப வேண்டாம். மாதம் தொடங்குவதில்தான் சண்டை. வளர்பிறைப் பாதிக்கு இரண்டு முறையிலும் ஒரே பெயர் என்பதால் இந்த இரண்டு பௌர்ணமிகளும் எல்லோருக்கும் பொதுவானவை.

சரி, நம் காலண்டருக்கு வருவோம். இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆஷாடம்தானே ஆடி, சிராவணம்தானே ஆவணி என்று பெயரை வைத்துப் பௌர்ணமியைத் தேடுவது. பெயர்கள் உறவுக்காரர்கள்தான், ஆனால் நம் மாதம் சூரியனை வைத்து நடப்பது. 2025-ல் குரு பூர்ணிமா ஆனி 26-ல் வந்தது, ராக்கி ஆடி 24-ல். "ஆடிப் பௌர்ணமி" என்று தேடியிருந்தால் ஒரு மாதம் தவறியிருப்பீர்கள். 2024-லோ ஆடி 5-ல் குரு பூர்ணிமா, ஆவணி தொடக்கத்தில் ராக்கி. பெயரும் நாளும் கச்சிதமாகப் பொருந்தின. எந்த வருடம் பொருந்தும் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைவிட நம்பகமான அடையாளம் காலண்டரிலேயே இருக்கிறது. யஜுர் வேதக்காரர்களின் ஆவணி அவிட்டம் எந்தத் தேதியில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் சிராவணப் பௌர்ணமியைப் பிடித்து வருவதுதான். 2025-ல் பெயரில் ஆவணி இருந்தும் அது ஆடி மாதத்தில், ராக்கி அன்றே, ஆகஸ்ட் 9-ல் வந்தது. 2023-லும் ஆகஸ்ட் 30 என்றே போட்டிருந்தார்கள். பௌர்ணமி திதி இரண்டு நாளில் பரவி நிற்கும் வருடங்களில் மட்டும் ஒரு நாள் முன்பின்னாகலாம்.

இன்னொரு சோதனை, ஆடியில் எத்தனை அமாவாசை என்று எண்ணுவது. சூரியன் கடகத்தில் இருக்கும் காலம்தான் நமக்கு ஆடி. அதற்குள் இரண்டு அமாவாசை விழுந்தால் அதிக சிராவணம் வந்துவிட்டது என்று பொருள். 2023-ல் ஜூலை 17, ஆகஸ்ட் 16 என்று இரண்டு ஆடி அமாவாசை வந்து, எதில் தர்ப்பணம் கொடுப்பது என்று நம் ஊரில் பேச்சாகக் கிடந்தது நினைவிருக்கும். அதே காரணம்தான் உங்கள் ராக்கியையும் தள்ளியது. அமாவாசையும் மாதப் பிறப்பும் ஒரே நாளில் மோதிக்கொண்டால் மட்டும் எண்ணிக்கையை நம்பாமல், பஞ்சாங்கத்தில் "அதிக" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதிக மாதம் வந்தாலே இடைவெளி விரியும் என்றும் இல்லை. 2015-ல் அதிக ஆஷாடம் வந்தது. ஜூலை 2 பௌர்ணமியை விட்டுவிட்டு ஜூலை 31-ல் குரு பூர்ணிமா, ஆகஸ்ட் 29-ல் ராக்கி. இரண்டும் சேர்ந்தே தள்ளிப்போயின, நடுவில் ஒன்றும் புகவில்லை. 2026-ல் அதிகம் ஆனது அதற்கும் முந்தைய ஜ்யேஷ்ட மாதம். அதனால் குரு பூர்ணிமா ஜூலை 29, ராக்கி ஆகஸ்ட் 28. இங்கே உங்கள் பழைய கணக்கே போதும்.

தேதி கிடைத்தபிறகு நேரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பௌர்ணமி திதியின் முதல் பாதி எப்போதும் பத்ரை, நம் பஞ்சாங்கத்தில் பத்திரை கரணம் என்று இருக்கும். அந்த நேரத்தில் ராக்கி கட்ட மாட்டார்கள். 2023-ல் திதி ஆகஸ்ட் 30 காலை பதினொரு மணி வாக்கில் தொடங்கியதால் பத்ரை விலகவே இரவு ஒன்பது ஆகிவிட்டது. திதியோ மறுநாள் காலை ஏழு மணியளவில் முடிந்தது. ராத்திரி கட்டியவர்களும் உண்டு, விடிந்ததும் அவசரமாகக் கட்டியவர்களும் உண்டு. 2026-ல் அந்தச் சிக்கல் இல்லை. பத்ரை முந்தைய இரவே போய்விடுகிறது. ஆனால் திதி ஆகஸ்ட் 28 காலை பத்து மணிக்கு முன்பே முடிகிறது. தபால்காரர் வரும் நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், ராக்கி தம்பி கைக்கு 27-ஆம் தேதியே போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.