ரெஸ்யூமில் ஒன்றரை ஆண்டு இடைவெளி: ஜெர்மனிக்குக் காத்திருக்கும் செவிலியர் என்ன எழுதுவது?

மதிப்பிற்குரிய அம்மா,

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஜெர்மனி செல்வதற்காக 2024 ஜூலையில் வேலையை விட்டேன். ஜெர்மன் மொழியில் பி2 தேறிவிட்டேன். சான்றிதழ்கள் அங்கே தகுதி அங்கீகாரத்துக்குப் போயிருக்கின்றன. அங்கிருந்து பதில் கடிதம் வந்த பிறகுதான் விசா. ஒன்றரை ஆண்டாகிறது. கல்யாண வீடுகளுக்குப் போனால் "இன்னும் போகலையா?" என்கிறார்கள். என்னோடு படித்தவர்கள் அங்கிருந்து புகைப்படம் அனுப்புகிறார்கள். கடன் தவணையை நினைவூட்டுவதைத் தவிர என் கணவர் வேறெதுவும் பேசுவதில்லை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதால், என் நாள் முழுவதும் அவர் கட்டிலருகிலேயே வீணாகிறது.

போன மாதம் ஜெர்மன் மருத்துவமனையின் காணொளி நேர்காணலில், வேலையை விட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். விசாவுக்காகக் காத்திருக்கிறேன் என்பதற்கு மேல் வாய் வரவில்லை. மறுபடி அழைக்கப்போகிறார்கள். தெரிந்த நர்சிங் ஹோமில் இந்தக் காலத்துக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஏஜென்சிக்காரர் சொல்கிறார். பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் வார்டு வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஐசியூவில் இருந்துவிட்டு அந்தச் சம்பளத்துக்கு நான் போகவில்லை. மாமியாருக்கு வழக்கமான இன்சுலின் கிடைக்காமல் வேறு பாட்டில் வந்தபோது, ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டுக் கை நடுங்கி நின்றுவிட்டேன். கடைக்காரரிடம் போனில் கேட்டுத்தான் போட்டேன். அது கிடக்கட்டும். அந்தச் சான்றிதழை வாங்கலாமா? கணவருக்கு என் நிலையை எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களை உறுத்துவது உறவினரின் கேள்வியோ கணவரின் மௌனமோ அன்று, கைத்திறன் போய்விட்டதோ என்ற அச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் இன்சுலின் பாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதாகவும் 100 யூனிட் உள்ளதாகவும் வருகிறது; இரண்டுக்கும் ஊசி வேறு. 40-க்கு உரிய சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை மருந்தை ஏற்றினால் கால் மில்லி வரும். பாட்டில் 100 யூனிட்டாக இருந்தால் அந்தக் கால் மில்லியில் 25 யூனிட் இருக்கும். அதாவது இரண்டரை மடங்கு. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதானவருக்கு அது உயிரோடு விளையாடுவதாகும். பாட்டில் மாறியிருப்பதைக் கண்டு நின்று, கேட்டு, பிறகு போட்ட நீங்கள் வார்டில் இருந்திருந்தால் மேற்பார்வையாளர் உங்களைப் பாராட்டியிருப்பார். அந்தத் தயக்கத்தை உங்கள் திறமை போய்விட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

ஆனால் அந்த அச்சத்தில் பாதி உண்மையும் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஐசியூவில் நாள்தோறும் யோசிக்காமல் செய்த கணக்கை இன்று கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. நேர்காணலில் உங்கள் வாய் அடைத்ததற்கும் இதுவே காரணம். உங்களுக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை மற்றவர் நம்பும்படி சொல்ல முடியாது. அதனால்தான் போலிச் சான்றிதழ் உங்களுக்கு வழியாகத் தெரிகிறது.

அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். உங்கள் படிப்பில் எந்தப் பகுதி குறைகிறது என்று அங்கீகார அலுவலகம் ஒப்பிடும்போது பணி அனுபவத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே அந்தத் தாள் ஏஜென்சியின் மேசையோடு நிற்காமல் அரசுக் கோப்புக்குள் போகும். செவிலியர் உரிமம் வழங்க ஜெர்மன் சட்டம் மொழியையும் உடல்நலத்தையும் மட்டுமன்றி, விண்ணப்பதாரர் நம்பகமானவரா என்பதையும் பார்க்கிறது. பொய்ச் சான்று பின்னாளில் வெளிப்பட்டால் போவது ஒரு வேலை மட்டுமாக இருக்காது.

ஜெர்மானியர்கள் தன்விவரத்தை மாதம், ஆண்டு வாரியாக, இடைவெளியின்றி எதிர்பார்ப்பவர்கள். அவர்களுக்கு உறுத்துவது வேலையில்லாத காலத்தைவிட, விளக்கமில்லாத காலம். காத்திருப்பு என்று எழுதினால், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. "2024 ஆகஸ்ட் முதல்: ஜெர்மன் மொழிப் படிப்பு, பி2 சான்றிதழ்" என்று தேர்வு எழுதிய மாதத்தோடு ஒரு வரி, "தகுதி அங்கீகார நடைமுறை" என்று விண்ணப்பித்த மாதத்தோடு ஒரு வரி, "பக்கவாதம் வந்த குடும்ப உறுப்பினரை வீட்டில் பராமரித்தல்" என்று ஒரு வரி. மூன்றும் ஒரே காலத்தில் நடந்தவை என்பதால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில் தவறில்லை. வீட்டுப் பராமரிப்பு அங்கே தன்விவரத்தில் இடம்பெறக்கூடிய வரிதான். ஆனால் அதை வேலை அனுபவமாகக் காட்டாதீர்கள்.

இங்கேதான் நான் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. மாமியாரின் கட்டிலருகே உங்கள் நாள் வீணாகிறது என்கிறீர்கள். நம் மருத்துவமனைகளில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உறவினரும் ஆயாக்களும் செய்பவை. ஜெர்மனியில் அவை செவிலியரின் வேலையில் சேர்ந்தவை. நம் பெண்கள் பலர் அங்கே போய்த் திகைப்பது இதில்தான். படிப்பில் குறைவது எது என்று அங்கீகார அலுவலகம் சொல்லும் குறைபாட்டுக் கடிதம் வந்தபின் நீங்கள் திறனறித் தேர்வைத் தேர்ந்தெடுத்தால், வாய்மொழிப் பகுதியோடு நோயாளியின் அருகே நின்று செய்துகாட்டும் பகுதியும் உண்டு. விழுந்த பக்கத்தின் தோளை இழுக்காமல் அவரை எப்படிப் புரட்டுகிறீர்கள், குதிகாலிலும் வால் எலும்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்களா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்பவற்றை இரவில் பத்து வரி ஜெர்மனில் எழுதி, ஷிப்ட் மாற்றும்போது அடுத்த செவிலியரிடம் ஒப்படைப்பதுபோல உரக்கச் சொல்லிப் பாருங்கள். பி2 தேறிய பிறகு பேசாமல் விட்ட மொழியும் அதனால் திரும்பும்.

வீட்டில் கிடைக்காதவையும் உண்டு: மருந்துச் சொட்டுக் கணக்கு, திடீரென மோசமாகும் நோயாளி, ஒரே நேரத்தில் பலரைக் கவனிப்பது. அவற்றுக்கு அந்தச் சிறிய மருத்துவமனைதான் வழி. உரிமம் கைக்கு வரும்வரை ஜெர்மனியிலும் உங்களை முழுச் செவிலியராக அல்ல, உதவியாளராகவே பணியமர்த்துவார்கள். அதை ஏற்கத் துணிந்த நீங்கள் இங்கே வார்டு வேலையைத் தாழ்வாக நினைத்தது சரியில்லை. வாரத்தில் சில நாட்களாவது போங்கள். ஒரு மாதப் பணியானாலும் உண்மையான தேதியோடு கடிதம் வாங்குங்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியான பிஎல்எஸ் சான்று இரண்டாண்டுக்குத்தான் செல்லும், காலாவதியாகியிருந்தால் புதுப்பியுங்கள்.

கணவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் வார்டுக்குப் போகும் நேரத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர். அதை வெளிப்படையாகக் கேளுங்கள்; உங்கள் நிலையை விளக்கிக்கொண்டிருப்பதைவிட அந்தப் பொறுப்பை ஒப்படைப்பது அவருக்கு விரைவில் புரியும்.

அடுத்த நேர்காணலில் இப்படித் தொடங்கலாம்: "2024 ஜூலை வரை ஐசியூவில் இருந்தேன். அதன்பின் பி2 முடித்தேன். பக்கவாதம் வந்த மாமியாரை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் முதல் ஒரு வார்டில் பகுதி நேரமாகப் பணிபுரிகிறேன். ஐசியூக் கருவிகளில் மறுபயிற்சி எனக்குத் தேவைப்படும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், தன் எல்லையைத் தெரிந்தவரைத்தான் நோயாளியிடம் நம்பி அனுப்புவார்கள். அதற்கு முன், இந்த வாரமே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். சான்றிதழ் வேண்டாம் என்று ஏஜென்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.