பையர் பேர் சொல்லிக் கேட்டதும் டையிங் மாஸ்டர் ஏன் ஒதுங்கிவிட்டார்?

"சேலத்தில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வீடியோ காலில், எங்களிடம் வாங்கும் ஜெர்மன் பையர், துணியின் நிற ஷேடு ஏன் மாறியது என்று, சாயம் போடும் வேலையைப் பார்க்கும் எங்கள் டையிங் மாஸ்டரை எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்டார். 'வெள்ளிக்கிழமைக்குள் முடிச்சிடலாம்' என்றார் மாஸ்டர். முடியவில்லை, இப்போது காலுக்கே வரமாட்டேன் என்கிறார். பையர் எங்களை நம்ப மறுக்கிறார். என்ன செய்வது?"

அடுத்த காலுக்கு முன்னால் மாஸ்டரைத் தனியாகப் பாருங்கள். முதலாளியும் கூட வேண்டாம்.

தொடர்பியல் ஆய்வாளர் ஸ்டெல்லா டிங்-டூமி 1980-களில் முன்வைத்த ஃபேஸ் நெகோஷியேஷன் தியரி இதைத்தான் பேசுகிறது. சண்டை என்று வந்தால் எல்லா ஊர்க்காரர்களும் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள், ஆனால் யாருடைய மரியாதையை, எந்த வழியில் என்பதில் வேறுபடுகிறார்கள். பையருக்கு, நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்குவதுதான் நாணயம். மாஸ்டருக்கோ தன் கையின் கீழ் வேலை செய்யும் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெரிய இடத்திடம் முடியாது என்று சொன்னால் தனக்கும் அவமானம், முதலாளிக்கும் தலைகுனிவு. அதனால் அந்த நிமிஷத்தைக் கடக்க ஒரு தேதியைச் சொன்னார், அப்புறம் ஒதுங்கிக்கொண்டார். அது அவருடைய தற்காப்பு. பையர் கண்ணுக்கு ஏமாற்று வேலையாகத் தெரிகிறது, அங்கேதான் சிக்கல் பெரிதாகிறது.

மாஸ்டரிடம் "முடியுமா?" என்று கேட்காதீர்கள், இன்னொரு தேதிதான் கிடைக்கும். "இந்த லாட்டுக்கு மறுபடி சாயம் போடணும்னா எத்தனை நாள், எது தடுக்குது?" என்று கேளுங்கள். நூல் லாட் மாறியதா, தண்ணீரா, சாயமா என்று காரணம் அப்போது வெளியே வரும். பையருக்கு உடனே மெயில் போடுங்கள். வெள்ளிக்கிழமை தவறியதை மழுப்பாமல் ஒத்துக்கொண்டு, லாட் எண், காரணம், புதுத் தேதி மூன்றையும் எழுதுங்கள், யார் பேரும் வேண்டாம். இனி ஷேடு புகாரை முதலில் உங்களுக்கு எழுதும்படியும் கேளுங்கள், ஏனென்றால் நடுவில் ஒருவர் நிற்பதும் இந்தத் தியரி ஒத்துக்கொள்ளும் ஒரு வழிதான். புது சாம்பிள் சரியாக வந்ததும், அதை மாஸ்டரே காலில் காட்டட்டும். எல்லார் முன்னால் போன மரியாதை எல்லார் முன்னால்தான் திரும்பும்.

ஆனால் ஜெர்மன்காரர் என்றால் இப்படி, சேலத்துக்காரர் என்றால் அப்படி என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜான் எட்செல் என்ற ஆய்வாளரும் டிங்-டூமியும் வேறு சிலரும் சீனா, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா நான்கிலும் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தன்னைத் தனி ஆளாகப் பார்க்கிறாரா, கூட்டத்தில் ஒருவராகப் பார்க்கிறாரா என்பது, அவர் மரியாதையை எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதை, எந்த நாட்டுக்காரர் என்பதைவிட அதிகம் விளக்கியது. எதிரே பட்டென்று பேசும் மாஸ்டர்களும் உண்டு.

தனியாகக் கேட்டும் மாஸ்டர் காரணம் சொல்லாமல் தேதியை மட்டும் தள்ளினால் அது மரியாதைப் பிரச்சினை இல்லை. சாயப்பட்டறையில் ஆளோ மெஷினோ போதாமல் இருக்கலாம். அதை முதலாளியிடம்தான் கொண்டுபோக வேண்டும்.