துபாயில் கார்டு மெஷின் ரூபாயா திர்ஹாமா என்று கேட்டால்

கேள்வி: கீழக்கரையிலிருந்து கேட்கிறேன். அடுத்த மாதம் துபாயில் காக்கா வீட்டுக்குப் போகிறோம். கடையில் கார்டு போட்டால் ரூபாயா திர்ஹாமா என்று மெஷின் கேட்குமாம். ரூபாயில் போட்டால்தான் கணக்கு தெளிவாக இருக்கும் என்கிறார் மச்சான். எது லாபம்?

பதில்:

திர்ஹாம். மெஷினில் AED என்று இருப்பதைத் தொடுங்கள், INR வேண்டாம்.

நான் பெரியபட்டினத்துக்காரன். துபாயில் தேரா பக்கம் ஒரு கடையில் கல்லாவில் இருந்தவன், அதனால் மெஷினின் அந்தப் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கார்டைச் செருகியதும் அதன் முதல் சில எண்களை வைத்தே இது இந்திய வங்கிக் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே ரூபாய்த் தொகையையும் காட்டும். அந்த ரேட்டைப் போடுவது உங்கள் வங்கி இல்லை. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியும் அதோடு சேர்ந்த நிறுவனமும்தான். சந்தை ரேட்டுக்கு மேல் அவர்கள் வைக்கும் லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு போவதுண்டு. "ரூபீஸ்ல போடவா சார்?" என்று கல்லாவில் இருப்பவர் கனிவாகக் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

திர்ஹாமைத் தேர்ந்தெடுத்தால் விசா அல்லது மாஸ்டர்கார்டு தன் ரேட்டில் ரூபாயாக மாற்றும். அது சந்தை ரேட்டை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் உங்கள் வங்கி ஃபாரெக்ஸ் மார்க்கப் என்று குறிப்பிட்ட சதவீதம் கூட்டும், அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி உண்டு.

கணக்குக்காக ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 திர்ஹாமுக்கு நகையோ துணியோ எடுக்கிறீர்கள். திர்ஹாமில் போட்டால் 23,000 ரூபாய். மார்க்கப் 3.5% என்றால் 805, அதன் ஜிஎஸ்டி 145. ஆக 23,950. ரூபாயில் போட்டால், மெஷின் 5% கூட்டி 24,150 என்று காட்டுகிறது. இங்கேயே 200 ரூபாய் அதிகம்.

மச்சானுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ரூபாயில் போட்டுவிட்டால் நம் வங்கியின் கட்டணம் மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல இந்திய வங்கிகள் வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் போட்டதற்கும் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. அது 1% என்றால் ஜிஎஸ்டியோடு இன்னும் 285 ரூபாய், மொத்தம் 24,435. கடையில் பார்த்த 'தெளிவான' தொகை ஸ்டேட்மென்ட்டில் அப்படியே இருக்காது. மார்க்கப் இல்லாத கார்டு உங்களிடம் இருந்தால் வித்தியாசம் 1,435 ரூபாய் ஆகிவிடும்.

ரூபாய் எப்போதுமே நஷ்டமா என்றால், இல்லை. 3.5% மார்க்கப் ஜிஎஸ்டியோடு 4.13% ஆகிறது. மெஷின் அதைவிடக் குறைவாகக் கூட்டியிருந்து, உங்கள் வங்கி ரூபாய்ப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் எதுவும் போடாமலும் இருந்தால் ரூபாய் மலிவு. இது அபூர்வம். பார்க்க வேண்டுமானால், திரையில் உள்ள ரூபாயைத் திர்ஹாம் தொகையால் வகுத்து, போனில் அன்றைய விசா ரேட்டோடு ஒப்பிடுங்கள். கிளம்பும் முன் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலில் இந்த இரண்டு கட்டணங்களையும் பார்த்துவிடுங்கள்.

திர்ஹாமில் போட்டால் இறுதி ரேட் இரண்டொரு நாள் கழித்துத்தான் முடிவாகும், அதற்குள் ஏறிவிட்டால்? ஏறலாம். ஆனால் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது டாலருக்கு எதிரான ரூபாயைப் பற்றி மட்டும். இரண்டு நாளில் அது 5% நகர்வது சாதாரணமாக நடக்காது.

கல்லாக்காரரே கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. பின் நம்பர் போடும் முன் திரையைப் பாருங்கள். INR என்று இருந்தால் கேன்சல் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். முடிந்துபோனால் சீட்டில் ரூபாய்த் தொகையும் மாற்று ரேட்டும் அச்சாகி இருக்கும். கடையை விட்டு நகராமல், அதை வாய்ட் செய்து திர்ஹாமில் போடச் சொல்லுங்கள். அன்றைய கணக்கை மெஷினில் முடிக்கும்வரை அது அவர்களால் முடியும். தேர்வு உங்களுடையது என்பது கார்டு நிறுவனங்களின் விதி, "எங்க மெஷின் அப்படித்தான்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே Decline Conversion என்பதை அழுத்தப் பலரும் பயப்படுகிறார்கள், பணமே வராது என்று நினைத்து. பணம் வரும், அவர்களுடைய ரேட்டைத்தான் மறுக்கிறீர்கள். அப்புறம், இங்கிருந்து கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டு எந்தப் பணத்திலும் வேலை செய்யாது.