இட்லி இறங்குகிறது, தண்ணீர் ஏன் புரையேறுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிவிட்டது. இட்லி, இடியாப்பம் எல்லாம் சாப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. தண்ணீர்தானே சுலபமாக இறங்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் அம்மா உச்சந்தலையில் தட்டுகிறார். அது சரியா? என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் விழுங்கச் சிரமமான பொருள். இட்லியை மென்றால் அது உருண்டையாகச் சேர்ந்து, நாக்கு தள்ளுகிற வரை காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்காது. நாக்கின் ஓரத்தில் ஒரு இடைவெளி கிடைத்தால் போதும், தானாகவே வழிந்து தொண்டைக்குள் இறங்கிவிடும். அங்கே கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்பதுதான் பிரச்சினை.

அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வாயை அகலத் திறந்து "ஆ" என்று சொல்லுங்கள். நடுவில் உள்நாக்கு தொங்கும். இரு பக்கமும் டான்சில். இவற்றுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சுவர் தெரியும். அதுதான் தொண்டையின் பின்சுவர். தொண்டை என்பது மண்டையோட்டின் அடியில் தொடங்கிக் கழுத்து வரை இறங்கும் ஒரு தசைக்குழாய், நீளம் 12, 13 செ.மீ. இருக்கும். கண்ணாடியில் தெரிவது அதன் நடுப்பகுதியான வாய்த்தொண்டை மட்டும். அண்ணத்துக்குப் பின்னால் மேலே மறைந்திருப்பது மூக்குத்தொண்டை. நாக்கின் வேருக்குக் கீழே, குரல்வளைக்குப் பின்னால் இருப்பது அடித்தொண்டை.

மூக்குத்தொண்டையில் காற்றுக்கு மட்டும்தான் அனுமதி. காதிலிருந்து வரும் ஒரு மெல்லிய குழாயும் அங்கேதான் திறக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் காது அடைக்கும்போது எச்சில் விழுங்கினால் திறந்துகொள்வது அதனால்தான். வாய்த்தொண்டையில் காற்றும் போகும், சோறும் போகும். சிக்கல் இருப்பது அதற்கும் கீழே. முகத்தில் மூக்கு மேலே இருக்கிறது, வாய் கீழே. கழுத்துக்குள் போனால் மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் பின்னால். ஆக, மூச்சு பின்னாலிருந்து முன்னால் வந்தாக வேண்டும், சோறு முன்னாலிருந்து பின்னால் போயாக வேண்டும். ஒன்றின் பாதையை இன்னொன்று வெட்டாமல் போக வழியே இல்லை. ரயில்வே லெவல் கிராசிங் மாதிரிதான். ஒன்று போகும்போது மற்றதற்கு கேட் போட வேண்டும். சும்மா இருக்கும்போது பாதை மூச்சுக்குத் திறந்தே கிடக்கும். விழுங்குகிற நேரத்தில் மட்டும் கேட் விழும்.

உங்கள் கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேட்டின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு ஏறி இறங்கும். அந்த ஒரு வினாடிக்குள் நடப்பது இவ்வளவு: மெல்லண்ணம் மேலே எழும்பி மூக்குத்தொண்டையை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை முழுவதும் மேலும் முன்னுமாக நகர்ந்து நாக்கு வேருக்கு அடியில் போய் ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்கும்போது அதன் மேல் இருக்கும் இலை போன்ற மூடி பின்னால் சாய்கிறது. உணவுக்குழாயின் வாயில் எப்போதும் இறுகியிருக்கும் தசை தளர்கிறது, குரல்வளை முன்னால் நகர்ந்த இழுப்பில் அந்த வாய் திறக்கிறது. பெரும்பாலும் விழுங்கி முடித்ததும் நாம் மூச்சை வெளியேதான் விடுகிறோம். ஒட்டியிருக்கும் துளி உள்ளே இழுபடாமல் இருக்க இதுவும் ஓர் ஏற்பாடு.

அந்த மூடிதான் எல்லாவற்றையும் காக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மை. புற்றுநோய்க்காக அந்த மூடியை எடுத்துவிட்டவர்களில் பலர் பயிற்சி செய்து மறுபடி வாயால் சாப்பிடுகிறார்கள். உண்மையான காவல் குரல்நாண்கள் ஒட்டுவதும், குரல்வளை சரியான நேரத்துக்கு எழும்புவதும்தான். அந்த "சரியான நேரம்" என்பதில்தான் பக்கவாதம் கைவைக்கிறது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறதே, அதுபோலத்தான் நாம் விழுங்குவதும் குரல்வளையின் இரு பக்கமும் பிரிந்து இறங்கி, பின்னால் உணவுக்குழாயில் சேர்கிறது. அந்த இரண்டு பக்க வாய்க்கால்களும் கீழே குழிந்திருக்கும். நாக்கு வேருக்கும் மூடிக்கும் நடுவில் இன்னும் இரண்டு சிறு பள்ளங்கள் உண்டு. மீன் முள் அடிக்கடி சிக்குகிற இடங்களில் இவையும் அடக்கம். உங்கள் அப்பாவுக்கு விழுங்கும் கட்டளை ஓரிரு வினாடி தாமதமாக வருகிறது என்று வையுங்கள். அதற்குள் தண்ணீர் வழிந்து இந்தப் பள்ளங்களில் தேங்கிவிடும். குரல்வளை இன்னும் திறந்தே இருக்கும். பள்ளம் நிரம்பித் தளும்பினால் பக்கத்தில் இருப்பது மூச்சுக்குழாயின் வாசல். இட்லி உருண்டை அதே தாமதத்தில் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும், அப்புறம் போகும்.

நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. செம்பைத் தூக்கி, அண்ணாந்து, வாய் படாமல் குடிப்பது. நல்ல தொண்டைக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் தலை பின்னால் சாயும்போது நாக்கின் பிடி போய், தண்ணீர் நேராகக் கொட்டுகிறது. குரல்வளை மேலெழும்புவதும் கடினமாகிறது. எனவே முதல் வேலையாக அப்பாவை அண்ணாந்து குடிக்க விடாதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் வைத்து, ஒரு தேக்கரண்டி அளவாகக் குடிக்கட்டும். ஒரு மடக்கு முழுதாக இறங்கிய பிறகு அடுத்தது. டி.வி. வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

அடுத்து, ரசம் சாதம். இட்லி சரியாகப் போகிறது என்பதால் ரசம் சாதமும் போகும் என்று நினைக்காதீர்கள். சோற்றை மெல்லும் நேரத்தில் ரசம் தனியாகப் பிரிந்து முன்னால் ஓடிவிடும். பழைய சோற்று நீராகாரமும் அப்படியே. குழைத்துப் பிசைந்து ஒரே பதமாக இருப்பதுதான் நல்லது.

தண்ணீருக்குப் பதில் கஞ்சியாகக் கொடுக்கலாமா என்றால், பலருக்கு அது உதவும். ஆனால் எவ்வளவு கெட்டியாக என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் அது பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தாகத்துக்கு ஆகாததால் அவர் குடிப்பதும் குறைந்துபோகும். இன்னொன்று, மாவுச்சத்தால் கெட்டியான கஞ்சியை எச்சில் நீர்க்க வைத்துவிடும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டுக் கலக்கினால், கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் இருப்பது பாதித் தண்ணீர். ஒரு வாய்க்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

உச்சந்தலையில் தட்டுவதால் ஒன்றும் இறங்காது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வதற்குச் சமம். இருமல்தான் வேலை செய்கிறது, அதை நடக்க விடுங்கள். கொஞ்சம் முன்னால் குனிய வைத்து, இருமி முடிக்கும் வரை காத்திருங்கள். நடுவில் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆனால் இருமவும் முடியாமல், குரலும் வராமல், உதடு நீலம் பாய்ந்தால் அது வேறு. அது அடைப்பு. உடனே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளியே வரவில்லையென்றால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இருமல் வருகிறவரை எனக்குப் பயம் குறைவு. பயம், இருமாமல் போவதைப் பற்றித்தான். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வும் மழுங்கலாம். அப்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் ஒரு செருமல்கூட வராது. "இப்பல்லாம் புரையேறுவதே இல்லை" என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும்போது ஒருநாள் நிமோனியாவோடு வந்து நிற்பார்கள். வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு மடக்குக் குடித்ததும் நீளமாக "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் வாய் கொப்பளிப்பதுபோல் ஈரமாகக் களகளத்தால், குரல்நாண் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது. காரணமில்லாமல் காய்ச்சல், எடை குறைவது, சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆவது, இவற்றையும் கவனியுங்கள். குரல் தெளிவாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையும் இரவும் பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைப்பது முக்கியம். உள்ளே போகும் எச்சிலில் கிருமி குறைந்தால் நிமோனியாவும் குறையும்.

இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையோ, பக்கவாதத்துக்குப் பார்த்த மருத்துவரையோ பாருங்கள். விழுங்குவதற்குச் சிகிச்சை தரும் ஸ்பீச் தெரபிஸ்டும் வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அவர் விழுங்கும்போது நேரில் பார்க்கலாம். அல்லது பேரியம் கலந்த தண்ணீரையும் கூழையும் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவாக எடுக்கலாம்.

அப்படிப் பார்ப்பதால் என்ன பயன் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற லாரி டிரைவர், உங்கள் அப்பா வயதுதான். தாடையைக் குனிந்து விழுங்கினால் நல்லது என்று எங்கோ கேட்டு, வீட்டில் அப்படியே செய்துவந்தார்கள். புரையேறுவது அதிகமானது. குனிந்து விழுங்குவது, தாமதத்தால் தளும்புகிறவர்களில் பலருக்கு உதவும். இவருக்குக் கேமராவில் தெரிந்தது வேறு. தொண்டையின் வலப்பக்கத் தசை வலுவிழந்து, வலது வாய்க்காலில் எல்லாம் தேங்கிக் கிடந்தது. குனிந்தபோது அந்தத் தேக்கம் முன்னால் குரல்வளைக்குள் கொட்டியது. முகத்தை வலப்பக்கம் திருப்பி விழுங்கச் சொன்னோம். திருப்பிய பக்கத்து வாய்க்கால் நசுங்கி மூடிக்கொள்ளும், வருவதெல்லாம் வலுவான இடப்பக்கமாகப் போகும். அதே கேமராவில், அதே நிமிடத்தில், வலது வாய்க்கால் காலியாக இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும், அதனால் உங்கள் அப்பாவுக்கு நீங்களாக முயன்று பார்க்காதீர்கள்.

ஆறு வாரம் நாக்குக்கும் குரல்வளைக்கும் பயிற்சி நடந்தது. இப்போது அவர் காலைக் காபியை டபராவில் ஆற்றி, டம்ளரில் வாய் வைத்து, வலப்பக்கம் திரும்பியபடி குடிக்கிறார். தூக்கிக் குடிக்காத காபி ருசிக்கவில்லை என்று மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும் குறைபட்டுக்கொள்கிறார்.